ஓட்டமும் இருப்பும்: நிதி ஆயோக்கின் நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையின் சான்றுத்தரம் – விருத்தாசலம் வட்டார நிலத்தடி நீரை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிதி ஆயோக் 2018 ஜூன் மாதம் வெளியிட்ட கூட்டு நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கை, சென்னை உள்ளிட்ட 21 இந்திய நகரங்களில் 2020ஆம் ஆண்டுக்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்று கூறியது. இக்கூற்று எந்தச் சான்றிலிருந்து பிறந்தது, அச்சான்று அதைத் தாங்குமா, அதற்குள் மறைந்திருக்கும் முன்முடிவுகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆண்டுதோறும் நிகழும் நீர் ஓட்டத்தைக் குறிக்கும் விகிதம் ஒன்று, நிலத்தடி இருப்பு தீரும் நாளைக் கூறும் முன்னறிவிப்பாக மாற்றப்பட்டதே இதன் அடிப்படைப் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டாரத்தின் நிலவியல் அமைப்பு இவ்வாதத்தைச் சோதிக்கும் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிதி ஆயோக், நிலத்தடி நீர், சான்றுத்தரம், தெரிவுமேற்கோள், விருத்தாசலம், நெய்வேலி

முன்னுரை

அரசு நிறுவனம் ஒன்றின் கொள்கை அறிக்கை பலவகைக் கூற்றுகளை உள்ளடக்கியது. சில கூற்றுகள் அந்நிறுவனமே திரட்டிய தரவின் மீது நிற்கும். சில, பிற நிறுவனங்களின் ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டவை. வேறு சில, அப்பிற ஆய்வுகளைப் பற்றி எழுதப்பட்ட செய்திகளிலிருந்து பெறப்பட்டவை. அச்சில் இம்மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு அமைந்துவிடுவதால், வாசிப்பவர் அவற்றின் வலிமை வேறுபாட்டை உணர்வதில்லை. முகவுரையில் இடம்பெறும் கூற்றுகளே பின்னர்ச் செய்திகளிலும் மேடைகளிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் எடுத்தாளப்படுகின்றன. அவையே பெரும்பாலும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவையாகவும் இருக்கின்றன.

நிதி ஆயோக்கின் குறியீட்டு அறிக்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மாநிலங்களின் நீர் மேலாண்மையை 9 கருப்பொருள்கள், 28 குறிகாட்டிகள் வழியே அளந்து 100 மதிப்பெண்ணுக்குத் தரவரிசைப்படுத்துவது அதன் மையப் பணி. 2016–17ஆம் ஆண்டுக்கான வரிசையில் குஜராத் 76 மதிப்பெண்ணுடன் முதலிடமும், தமிழ்நாடு 51 மதிப்பெண்ணுடன் இமயமலை சாராத மாநிலங்களுள் ஏழாம் இடமும் பெற்றன. ஆயினும் மக்கள் நினைவில் நின்றது இத்தரவரிசை அன்று. குறியீட்டோடு நேரடித் தொடர்பில்லாத, அறிக்கையின் தொடக்கப் பகுதியில் நெருக்கடியை விளக்க வந்த, 21 நகரங்கள் பற்றிய ஒரு வாக்கியமே நின்றது. எனவே அவ்வாக்கியமே இத்திறனாய்வின் மையப்பொருளாகிறது.

மேற்கோளின் வழித்தடம்

தில்லி, பெங்களூரு, சென்னை, ஐதராபாத் உள்ளிட்ட 21 நகரங்களில் 2020க்குள் நிலத்தடி நீர் தீரும். ஏறத்தாழ 10 கோடி மக்கள் பாதிக்கப்படுவர் என்பது அவ்வாக்கியத்தின் கருத்து. இதனைக் கணக்கிட்ட முறை அறிக்கையில் தரப்படவில்லை. 2019 ஜூன் மாதம், சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாடு உலகச் செய்தியாகியிருந்த வேளையில், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் செய்தியாளர் ஜோவன்னா ஸ்லேட்டர் இவ்வாக்கியத்தின் மூலத்தைத் தேடிச் சென்றார். ஆதாரமாகச் சுட்டப்பட்டவற்றுள் ஒன்றான உலக வள நிறுவனம், இம்முடிவு தன்னுடையது அன்று எனத் தெரிவித்தது. தேடலின் தடம் இறுதியில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டிடம் சென்று சேர்ந்தது. அம்மதிப்பீட்டின் தரவு 2013 மார்ச் மாத நிலையைக் குறிப்பது.

இவ்வழித்தடம் இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, மூலத்துக்கும் அறிக்கைக்கும் இடையே இடைநிலை எழுத்துகள் நுழைந்துள்ளன. மூலத்தை நேரில் வாசித்த ஒருவர் இவ்வாக்கியத்தை எழுதியிருக்க இயலாது. ஏனெனில் மூலம் நிலத்தடி நீர் தீரும் நாளைப் பற்றி ஏதும் கூறவில்லை. இரண்டாவது, மூலம் அதே அரசின் மற்றோர் அமைப்பு வெளியிட்டது, பொதுவில் கிடைப்பது. எட்ட முடியாத சான்று என்று அதனைத் தவிர்க்கக் காரணமில்லை.

இதே அறிக்கையின் மற்றொரு கூற்றும் இப்போக்கை உறுதிப்படுத்துகிறது. நீரின் தரத்தில் 122 நாடுகளுள் இந்தியா 120ஆம் இடத்தில் உள்ளது என்பது அக்கூற்று. நிகழ்காலத்தில் கூறப்படும் இவ்விடமும் இவ்வெண்ணிக்கையும், 2003இல் வெளியான ஐக்கிய நாடுகள் அவையின் முதல் உலக நீர் வளர்ச்சி அறிக்கையின் பட்டியலில் உள்ளவையே. அப்பட்டியலின் கடைசி இடத்தில் இருந்த நாடு பெல்ஜியம். அதற்கு முந்தைய இடம் மொராக்கோவுக்குரியது. நிலத்தடி நீரின் குறைவும் தொழிற்சாலைக் கழிவின் செறிவும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் போதாமையும் பெல்ஜியத்தின் இடத்துக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. வீட்டுக் குழாயில் வரும் குடிநீரின் தூய்மையை அளப்பதே அப்பட்டியலின் நோக்கமாயின், பெல்ஜியம் ருவாண்டாவுக்கும் புருண்டிக்கும் கீழே நின்றிருக்காது. ஆக, இந்தியாவின் இடத்தை மட்டும் எடுத்து, ஆண்டையும் அண்டை இடங்களையும் விட்டுவிடும்போது, பட்டியலின் பொருளே மாறிவிடுகிறது. தெரிவுமேற்கோளின் இயல்பான வடிவம் இது: எடுத்த எண் மெய்யானது, அதனைப் புரிந்துகொள்ளத் தேவையான சூழல் மட்டும் விடுபட்டது.

விகிதம் கூறுவதும் கூறாததும்

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடு எதை அளக்கிறது என்பதை இங்கு விளக்க வேண்டும். ஒரு மதிப்பீட்டு அலகில் மழை, கால்வாய், ஏரி, பாசனக் கசிவு ஆகியவற்றால் ஓராண்டில் நிலத்துக்குள் சேரும் நீரிலிருந்து இயற்கையாக வெளியேறும் பங்கைக் கழித்தால் கிடைப்பது நிகர ஆண்டு நீர்வளம். அவ்வாண்டில் கிணறுகளால் எடுக்கப்படும் நீரை இந்நீர்வளத்தால் வகுத்து விழுக்காடாகக் கூறுவதே பயன்பாட்டு நிலை எனப்படுகிறது. இது 100ஐத் தாண்டினால், நீண்டகால நீர்மட்டச் சரிவையும் கருத்தில் கொண்டு, அவ்வலகு மிகை நுகர்வுப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டது.

இவ்விகிதத்தின் மேலும் கீழும் இருப்பவை இரண்டும் ஓராண்டின் ஓட்டங்கள். நிலத்தடியில் ஏற்கெனவே தேங்கியுள்ள நீரின் அளவு இவ்வகுத்தலில் எங்கும் இடம்பெறவில்லை. மாதச் சம்பளத்தைவிட மாதச் செலவு மிகுந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சேமிப்பு கரைகிறது என்பது உறுதி. எந்த மாதத்தில் கரைந்து முடியும் என்பதைச் சேமிப்பின் அளவு தெரியாமல் கூற இயலாது. விகிதம் 100ஐத் தாண்டுவதே தீர்ந்துபோவதன் அடையாளமெனின், பல ஆண்டுகளாக அவ்வெல்லைக்கு மிக மேலே நிற்கும் பஞ்சாப் மாநிலத்தில் இன்று ஒரு குழாய்க் கிணறும் இயங்கக் கூடாது.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் தெளிவாக்கலாம். 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் அலகில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் 3 மீட்டர் உயர்கிறது எனக் கொள்வோம். பாறை தன்னுள் தேங்கிய நீரில் ஈர்ப்பினால் விட்டுக்கொடுக்கும் பங்கு நீர் விடுதிறன் எனப்படும். இவ்வலகின் நீர் விடுதிறன் 1.5 விழுக்காடு எனின், நிலத்தில் சேர்ந்த நீர் 45 இலட்சம் கன மீட்டர். கிணறுகள் 60 இலட்சம் கன மீட்டர் எடுக்குமாயின் பயன்பாட்டு நிலை 133 விழுக்காடு; ஆண்டுப் பற்றாக்குறை 15 இலட்சம் கன மீட்டர். நீர் நிறைந்த பாறைப்பகுதி 20 மீட்டர் தடிப்புடையது எனின், தேங்கியுள்ள இருப்பு 300 இலட்சம் கன மீட்டர். எல்லாம் மாறாதிருந்தால் அது தீர 20 ஆண்டுகள் ஆகும். தடிப்பு 40 மீட்டர் எனின் 40 ஆண்டுகள் ஆகும். இரு நிலைகளிலும் விகிதம் 133 விழுக்காடே. ஒரே விகிதம் இரு வேறு காலங்களுக்கு இடமளிக்கிறது என்பதால், விகிதத்திலிருந்து ஆண்டைப் பெற முடியாது என்பது தெளிவு.

இக்கணக்கில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. நீர் விடுதிறன் ஒவ்வோர் இடத்திலும் அளக்கப்படுவதில்லை. பெரும்பாலும் பாறை வகைக்கேற்ப நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் 1997ஆம் ஆண்டு வழிமுறை பரிந்துரைத்த மதிப்பே இம்மதிப்பீட்டில் எடுத்துக்கொள்ளப்பட்டது. களிமண் மிகுந்த சிதைபாறைக்கு அப்பரிந்துரை 1.5 விழுக்காடு, மணற்கல்லுக்கு 3 விழுக்காடு. மேற்கண்ட அலகுக்கு இரண்டாம் மதிப்பைப் பொருத்தினால் சேர்ந்த நீர் 90 இலட்சம் கன மீட்டராகி, பயன்பாட்டு நிலை 67 விழுக்காடாக இறங்கும். 70 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதால், அதே கிணறுகளும் அதே மழையும் கொண்ட அவ்வலகு மிகை நுகர்வு வகையிலிருந்து பாதுகாப்பான வகைக்கு நகரக்கூடும். மதிப்பீட்டின் மீது ஐயம் எழுப்புவதற்காக இது கூறப்படவில்லை. எல்லா மதிப்பீடுகளுக்கும் இத்தகைய நெகிழ்வு எல்லை உண்டு. வாரியத்தின் வழிமுறை அதனை மறைப்பதுமில்லை. நெகிழ்வுடைய எண் ஒன்று, நெகிழ்வற்ற ஆண்டு ஒன்றாக மாறியதே சிக்கல்.

விருத்தாசலத்தின் அடியில்

மேற்கண்ட கணக்கில் இரு பாறை வகைகள் எடுத்தாளப்பட்டமைக்குக் காரணம் உண்டு. விருத்தாசலம் வட்டாரத்தில் அவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வட்டாரத்தின் மேற்கே பழமையான கடினப் பாறைகள். அவற்றை அடுத்து, அரியலூரைப் போலவே நிலவியலாளர்கள் நன்கறிந்த கிரெட்டேசியக் காலப் படிவுகள். கிழக்கே நெய்வேலி நோக்கிச் சரியும் கடலூர் மணற்கல். இடையே மணிமுத்தாற்றின் வண்டல். ஒரு வட்டத்துக்குள்ளேயே நீர் தேங்கும் முறை இத்தனை வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் மதிப்பீட்டு அலகாக ஒன்றியத்தை விடச் சிறிய குறுவட்டம் (பிர்கா) கொள்ளப்படுவதற்கு இத்தகைய வேறுபாடு நல்ல நியாயமாகிறது.

விருத்தாசலம் பீங்கான் தொழிலால் அறியப்பட்ட ஊர். பொம்மைகளும் மின்காப்புப் பொருள்களும் செய்யும் சிறு தொழிலகங்களுக்கு நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணிலிருந்து கிடைக்கும் வெண்களிமண் முக்கிய மூலப்பொருளாயிற்று. அக்களிமண் படுகைகள் கடலூர் மணற்கல் தொகுதிக்கு உரியவை. தொழிலுக்கு மண்ணாகும் அதே வகைப் படுகை, நீரியலில் மூடியாகிறது. களிமண் நீரை எளிதில் கடத்துவதில்லை என்பதால், அதன் கீழுள்ள மணற்கல்லில் நீர் அழுத்தத்தோடு சிறைப்பட்டிருக்கிறது. இதுவே நெய்வேலியின் புகழ்பெற்ற ஊற்றுநீர்த் தொகுதி. 1930களில் இங்கு ஆழ்கிணறு தோண்டியபோது நீரோடு வெளிவந்த கறுப்புப் பொருளே பழுப்பு நிலக்கரியின் இருப்பை உணர்த்தியது. 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம், நிலக்கரிக்குக் கீழிருந்து மேல்நோக்கி அழுத்தும் இந்நீரைத் தொடர்ந்து இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத் தளம் வெடித்து நீர் புகாமல் காக்க முடியும்.

இங்குதான் ஆண்டுக் கணக்கின் எல்லை வெளிப்படுகிறது. மேலே விளக்கிய பயன்பாட்டு நிலை, ஆண்டுதோறும் மழையால் ஏறி இறங்கும் மேல்நிலை நீர்மட்டத்தை மையமாகக் கொண்டது. களிமண்ணின் கீழ் அழுத்தத்தில் உள்ள நீர் பெரும்பாலும் இக்கணக்கின் வரம்புக்கு வெளியே நிற்பது. அந்நீர் நெய்வேலியின் மேல் பெய்யும் மழையால் நேரடியாக நிறைவதில்லை; மணற்கல் நிலப்பரப்பில் வெளிப்படும் மேற்குப் பகுதிகளில் இறங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து வருவது. ஆகவே ஒரு குறுவட்டத்தின் மேல்நிலை நீர் பாதுகாப்பான வகையில் இருக்கும்போதே கீழ்நிலை அழுத்தம் இறங்கக்கூடும். இதன் மறுதலையும் நிகழலாம்: திறந்த கிணறுகள் வறண்டு மிகை நுகர்வு எனக் குறிக்கப்பட்ட இடத்தில் ஆழ்குழாய்க் கிணறு நீர் தருவதும் உண்டு. இவ்விரு நிலைகளையும் ஒற்றை விழுக்காடு வேறுபடுத்திக் காட்டாது. அவ்விழுக்காட்டிலிருந்து தீர்ந்துவிடும் என அஞ்சுவதற்கும் சான்றில்லை. தீராது என ஆறுதல் கொள்வதற்கும் சான்றில்லை.

தீர்ந்துபோதல் என்ற சொல்லும் இவ்வட்டாரத்தில் வேறு பொருள் கொள்கிறது. நிலத்தடி நீர் ஒரே நாளில் எல்லாருக்கும் தீர்வதில்லை. மட்டம் இறங்கும்போது முதலில் திறந்த கிணறு வறளும். அடுத்து ஆழங்குறைந்த குழாய்க் கிணறு. மேலும் ஆழமாகத் துளையிடவும் நீர்மூழ்கி மோட்டார் வாங்கவும் வசதியுள்ளவரின் நீர் தொடரும். அறிக்கை கூறும் சுழியம் ஒருபோதும் வராமலேயே சிறு விவசாயியின் நீர் முடிந்துபோகலாம். நகரம் முழுவதற்கும் ஒரே முடிவுநாள் குறிக்கும் முறை, இப்பகிர்வுச் சிக்கலை முற்றாக மறைத்துவிடுகிறது.

நகரம் என்னும் மறைந்த முன்முடிவு

21 நகரங்கள் என்ற தொடரில் வேறொரு முன்முடிவு பொதிந்துள்ளது. நகரம் தன் எல்லைக்குள் உள்ள நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறது என்பது அது. சென்னை இதனைப் பொய்யாக்குகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளே அதன் குடிநீரின் மரபான ஆதாரங்கள். 2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் 2019 கோடையில் அவை வறண்டன. அன்று நிகழ்ந்தது மேற்பரப்பு நீரின் தட்டுப்பாடு. எனினும் நிதி ஆயோக்கின் முன்னறிவிப்பு ஓராண்டு முன்னதாகவே பலித்துவிட்டதாகச் செய்திகள் எழுதப்பட்டன. தவறான காரணத்தோடு கூறப்பட்ட ஒரு முன்னறிவிப்பு, வேறொரு காரணத்தால் நிகழ்ந்த துயரத்தைத் தனக்குச் சான்றாக்கிக்கொண்டது.

சென்னைக்கும் விருத்தாசலம் வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு இங்கு முதன்மை பெறுகிறது. கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கு நீர் செல்கிறது. வறட்சிக் காலங்களில் நெய்வேலிப் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் அக்குழாயில் சேர்க்கப்பட்டது. ஒரு நகரத்தின் பற்றாக்குறை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள நீர்த்தொகுதியின் மீது சுமத்தப்படுகிறது என்பது இதன் பொருள். நகரப் பட்டியலில் சென்னை உண்டு. அதன் சுமையைத் தாங்கும் நெய்வேலி, விருத்தாசலம் வட்டாரத்துக்கு அப்பட்டியலில் இடமில்லை. அலகைத் தெரிவு செய்வதே ஒரு வாதம். நகரத்தை அலகாக்கும் அறிக்கை, நகரத்தின் தாகத்தைக் கண்டு, அத்தாகம் எங்கிருந்து தணிக்கப்படுகிறது என்பதைக் காணாது விடுகிறது.

குறியீட்டின் உள்ளே

முகவுரையின் எச்சரிக்கை அறிக்கையின் அளவுகோலில் எதிரொலிக்கிறதா என்பது அடுத்த வினா. குறியீட்டின் 100 மதிப்பெண்ணில் நிலத்தடி நீருக்கு 15 ஒதுக்கப்பட்டுள்ளது. கொள்கையும் ஆளுகையும் என்ற கருப்பொருளுக்கும் அதே 15. பத்துக் கோடி மக்களின் நீர் இரண்டே ஆண்டுகளில் தீரும் என்பதை அறிக்கை உண்மையாகவே நம்பியிருப்பின், அந்நம்பிக்கை இவ்வெடைப் பகிர்வில் வெளிப்பட்டிருக்க வேண்டும். எச்சரிக்கையும் அளவுகோலும் ஒன்றையொன்று அறியாதவைபோல் அடுத்தடுத்து நிற்பது, முன்னது வாசகரை ஈர்க்கவும் பின்னது மாநிலங்களை வரிசைப்படுத்தவும் தனித்தனியே எழுதப்பட்டன என எண்ண வைக்கிறது.

நிலத்தடி நீர்க் கருப்பொருளின் குறிகாட்டிகளுள் ஒன்று, மாநிலம் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தச் சட்டமோ ஒழுங்குமுறை ஏற்பாடோ அறிவித்துள்ளதா என வினவுகிறது. விடை ஆம் அல்லது இல்லை. இவ்வினாவின் போதாமையைத் தமிழ்நாட்டின் வரலாறே காட்டும். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது. மாநிலம் முழுமைக்குமாக 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம், நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. 2003க்கும் 2013க்கும் இடையில் இக்குறிகாட்டியைப் பொருத்தியிருந்தால், இயற்றிய சட்டம் இருப்பதை வைத்து ஆம் என விடை கூற இடமிருந்திருக்கும். ஒரு கிணற்றின் மீதும் அச்சட்டத்தின் கை பட்டிருக்காது. சென்னைக்கு மட்டும் பொருந்தும் சட்டத்தை வைத்து விருத்தாசலத்துக்கும் சேர்த்து ஆம் என்பதற்கும் இவ்வினாவின் சொற்கள் தடையாக இல்லை. ஏட்டில் உள்ள சட்டம் நிலத்தில் உள்ள நீரைக் காக்கும் என்பது இக்குறிகாட்டி சொல்லாமல் வைத்திருக்கும் முன்முடிவு.

குறியீட்டின் தரவு மாநிலங்கள் தாமே அளித்தவை. தற்சார்பான அமைப்பொன்றால் பின்னர்ச் சரிபார்க்கப்பட்டவை. சரிபார்த்தல் வரவேற்கத்தக்கதே. ஆனால் அளிக்கப்பட்ட எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்பதையே சரிபார்ப்பு காணும். கேட்கப்பட்ட வினா தக்கதா என்பது அதன் பணி அன்று.

விடுபட்ட சான்று

21 நகரங்கள் பற்றிய கூற்றின் மூலமாகிய 2013ஆம் ஆண்டு மதிப்பீடு வேறு பல முடிவுகளையும் தந்துள்ளது. நாடு முழுமைக்குமான பயன்பாட்டு நிலை 62 விழுக்காடு. மதிப்பிடப்பட்ட 6584 அலகுகளுள் 1034 மிகை நுகர்வுக்கு உட்பட்டவை, 4520 பாதுகாப்பானவை. தமிழ்நாட்டின் நிலை இதனினும் கடுமையானது: பயன்பாட்டு நிலை 77 விழுக்காடு, 1139 குறுவட்டங்களுள் 358 மிகை நுகர்வுக்கு உட்பட்டவை, பாதுகாப்பானவை 429 மட்டுமே.

இவ்வெண்களை ஆறுதலுக்கான சான்றாக வாசிப்பது மற்றொரு தெரிவுமேற்கோளாகும். தமிழ்நாட்டுக் குறுவட்டங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஆண்டு வரவை மீறிச் செலவிடுகிறது என்பது 21 நகரங்கள் என்ற தொடரைவிட ஆழ்ந்த கவலைக்குரியது. அது நகர்ப்புறச் செய்தியாக மட்டும் நில்லாமல் நாட்டுப்புறம் முழுவதையும் தழுவுகிறது. எந்த இடத்தில், எத்தகைய நிலை என்பதைச் சுட்டிக் காட்டுவதால் நடவடிக்கைக்கும் வழி தருகிறது. அறிக்கை இதனை விட்டு முடிவுநாளைத் தேர்ந்தெடுத்ததால், நெருக்கடியை மிகைப்படுத்தியதாக மட்டும் ஆகவில்லை. நெருக்கடியின் உண்மையான இருப்பிடத்தையும் மாற்றிவிட்டது.

எச்சரிக்கை மிகையாயினும் அது கவனத்தை ஈர்த்தது. நோக்கம் நன்று என்ற வாதம் இவ்வறிக்கைக்கு ஆதரவாக முன்வைக்கப்படுவதுண்டு. 2018க்குப் பின் நீர் பற்றிய பொது உரையாடல் பெருகியதை மறுக்க இயலாது. ஆனால் நாள் குறித்த எச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு. 2020 வந்து சென்றது; நகரங்களின் குழாய்க் கிணறுகள் இயங்கின. பொய்த்த முன்னறிவிப்பை நினைவில் வைத்திருக்கும் வாசகர், அதே அரசின் வாரியம் 358 குறுவட்டங்களைப் பற்றிக் கூறும் மெய்யான சான்றையும் அதே ஐயத்தோடு நோக்குவார். வலுவற்ற கூற்று, தன்னோடு வலுவான கூற்றின் நம்பகத்தையும் இழுத்துச் செல்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வு, கொள்கை அறிக்கையின் கூற்றொன்றைச் சோதிக்க மூன்று படிகள் போதுமானவை எனக் காட்டுகிறது. முதலில், மேற்கோளைப் பின்தொடர்ந்து அளவீடு செய்தவரின் ஆவணத்தை அடைந்து, அதன் ஆண்டைக் குறித்துக்கொள்ளல். அடுத்து, அவ்வாவணம் அளந்தது ஓட்டமா இருப்பா, அதன் அலகு நகரமா குறுவட்டமா நீர்த்தொகுதியா என்பதை உறுதிசெய்தல். பின்னர், அதே ஆவணத்தில் எடுக்கப்படாமல் விடப்பட்ட முடிவுகளோடு எடுக்கப்பட்டதை அருகில் வைத்து நோக்கல். 21 நகரங்கள் பற்றிய வாக்கியம் மூன்று படிகளிலும் தவறுகிறது: மூலம் நேரில் எடுத்தாளப்படவில்லை, ஓட்ட விகிதம் இருப்பின் முடிவாகியது, நாட்டுப்புறக் குறுவட்டங்கள் விடுபட்டன.

கையில் இருந்த சான்றைக் கொண்டு அறிக்கை எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் பின்வருமாறு அமைந்திருக்கும்: 2013ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டின் 6584 அலகுகளுள் 1034இல், அவற்றுள் பெருநகரங்களைச் சார்ந்த சில மாவட்டங்களிலும், ஆண்டுதோறும் சேரும் நிலத்தடி நீரைவிட எடுக்கப்படும் நீர் மிகுதி, தேங்கியுள்ள இருப்பும் களிமண்ணின் கீழ் அழுத்தத்தில் உள்ள நீரும் இம்மதிப்பீட்டில் சேராதவை, ஆதலால் எந்த இடத்தில் எப்போது தீரும் என்பதை இதனால் கூற இயலாது. இவ்வாக்கியம் தலைப்புச் செய்தியாகாது. ஆயினும் விருத்தாசலத்தில் திறந்த கிணறு வறண்ட ஒருவர், தன் குறுவட்டம் எந்த வகையில் உள்ளது, கீழ்நிலை நீரை யார் எவ்வளவு எடுக்கின்றனர், அது எங்கு நிறைகிறது எனக் கேட்பதற்கு அது இடமளிக்கும். அவ்வினாக்களுக்கு விடை காண, மேல்நிலை நீருக்கும் ஊற்றுநீர்த் தொகுதிக்கும் தனித்தனி அளவீட்டுக் கிணறுகளும், சுரங்கத்திலும் குடிநீர்த் திட்டத்திலும் இறைக்கப்படும் நீரின் வெளிப்படையான கணக்கும் தேவை. கடலூர் மாவட்ட நிலத்தடி நீர் குறித்த அடுத்தகட்ட ஆய்வுகள் அங்கிருந்து தொடங்குதல் வேண்டும்.